புரொபைல் போலியா? அது தப்பான கேள்விங்க!

'போலி புரொபைலைக் கண்டுபிடிக்க பத்து எளிய வழிகள்' என்று ஒரு ஃபார்வேர்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். வரவில்லை என்றால் உங்கள் சித்தப்பா இன்னும் வாட்ஸப்புக்கு வரவில்லை என்று அர்த்தம். புரொபைல் படத்தை கூகுளில் தேடிப் பாருங்கள், கணக்கு எப்போது தொடங்கினது என்று பாருங்கள், நண்பர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள், நீல டிக் இருக்கிறதா என்று பாருங்கள், வீடியோ கால் கேளுங்கள்... இப்படிப் போகும். போன செமஸ்டரில் எங்கள் கல்லூரிக்கு வந்து 'சைபர் விழிப்புணர்வு' என்று ஒன்றரை மணி நேரம் பேசியவரும் இதே பட்டியலைத்தான் பவர்பாயிண்டில் போட்டார். கைதட்டினோம், டீ சமோசா சாப்பிட்டோம், கலைந்தோம்.

எனக்கு அந்தப் பட்டியல் மேல் கோபம். சும்மா இல்லை, நிஜமான கோபம். முகநூலிலோ இன்ஸ்டாவிலோ முன்பின் தெரியாத ஒருவர் வந்து, இனிக்க இனிக்கப் பேசி, 'எந்த ஷேர் வாங்கலாம்னு நான் சொல்றேன்' என்று ஆரம்பிக்கிறார் என்றால், அந்த ஆள் போலியா அசலா என்று ஆராய்வதே தப்பான வேலை. அந்த ஆராய்ச்சியில் ஜெயித்தவர்கள்தான் அதிகப் பணத்தை இழக்கிறார்கள் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆடிட்டிங் பேப்பர் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். (படிக்காதவர்களுக்கும் புரியும், பயப்படாதீர்கள்.) ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்யப் போகிற ஆடிட்டர், 'பேங்க்ல எவ்வளவு பணம் இருக்கு' என்று கம்பெனி கேஷியரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் அவர் ஆடிட்டரே இல்லை. கேஷியர் ஸ்டேட்மெண்ட்டை பிரிண்ட் எடுத்து நீட்டினாலும் போதாது. வங்கியிடமிருந்து நேரடியாக, கம்பெனியின் கை படாமல் உறுதிக்கடிதம் வாங்க வேண்டும். தணிக்கைத் தரநிலைகளில் இதற்கென்றே தனியாக ஒன்று, 505-ஆம் எண்ணில் இருக்கிறது. காரணம் ரொம்ப எளிமை. சந்தேகத்துக்கு உள்ளான ஆளே தயாரித்துக் கொடுக்கிற சான்றுக்கு மதிப்பு குறைவு. வெளியாளிடமிருந்து நேராக வருகிற சான்றுக்கு மதிப்பு அதிகம்.

இப்போது அந்தப் பத்து வழிகளைத் திரும்பப் பாருங்கள். படம், நண்பர்கள், பதிவுகள், பிறந்தநாள் வாழ்த்து, கோயிலுக்குப் போன போட்டோ, வீடியோ கால் எல்லாமே யார் கொடுத்தது? எதிர்க்கட்சிக்காரரே கொடுத்தது! கேஷியரையே கேட்டு கேஷியரைத் தணிக்கை செய்கிற கதை.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். படத்தை கூகுளில் தேடினால், அது இணையத்தில் வேறெங்காவது பொதுவில் இருந்தால்தான் சிக்கும். யாரோ ஒருவரின் பூட்டி வைத்த கணக்கிலிருந்து திருடிய படம் சிக்காது. கம்ப்யூட்டரே உருவாக்கின, உலகத்தில் இல்லாத ஒரு முகம் சிக்கவே சிக்காது. ஆக 'தேடினேன், எதுவும் வரவில்லை' என்றால் ஆள் அசல் என்று அர்த்தமில்லை. எதுவும் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

நீல டிக் ஒரு காலத்தில் பிரபலங்களுக்குக் கொடுக்கிற மரியாதையாக இருந்தது. 2022-க்குப் பிறகு ட்விட்டரிலும், 2023-லிருந்து ஃபேஸ்புக், இன்ஸ்டாவிலும் அது மாதச் சந்தா கட்டி வாங்குகிற பொருள். பால் பாக்கெட் மாதிரி.

கணக்கின் வயது? இன்ஸ்டாவில் ஒருவரின் பக்கத்தில் About this account என்பதைத் தட்டினால், எப்போது சேர்ந்தார், எந்த நாட்டிலிருந்து என்றெல்லாம் காட்டும். இந்தப் பட்டியலிலேயே உருப்படியானது இதுதான் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் தொடங்கின கணக்கு, நாடு எங்கோ, ஆனால் 'நான் கோயமுத்தூருங்க' என்றால் அங்கேயே முடிந்தது கதை. ஆனால் திருடப்பட்ட கணக்கை என்ன செய்வீர்கள்? 2015-ல் யாரோ ஒரு அப்பாவி டீச்சர் தொடங்கி, அவரது பாஸ்வேர்டை எவனோ பறித்து, விற்று, இன்று இவன் கைக்கு வந்திருந்தால்? வயது பத்து வருடம். நாடு இந்தியா. நண்பர்கள் நிஜ மனிதர்கள். உங்களுக்கும் அவருக்கும் பொதுவான நண்பர்கள் நாலு பேர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. எல்லாப் பரீட்சையிலும் நூற்றுக்கு நூறு.

ஆக இது ஒருவழிப் பாதை. பரீட்சையில் ஃபெயில் ஆனால் ஆள் போலி. பாஸ் ஆனால்... ஒன்றுமே தெரியாது. ஆனால் மனித மனசு அப்படி எடுத்துக்கொள்வதில்லையே! பத்துக்குப் பத்து பாஸ் என்றதும் 'செக் பண்ணிட்டேன், ஓகே' என்று ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நிம்மதியைத்தான் அவன் விற்கிறான்.

வீடியோ காலுக்கு வருகிறேன். 'முகத்தைக் காட்டச் சொல்லு, போலின்னா ஓடிருவான்' என்பார்கள். ஓட மாட்டான். இந்தத் தொழில் ஒரு ஆள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு செய்வதில்லை, ஃபேக்டரி மாதிரி நடக்கிறது. கம்போடியாவிலும், மியான்மரில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியாவாடிப் பக்கத்திலும் பெரிய பெரிய வளாகங்கள். வீடியோ காலில் முகம் காட்டுவதற்கென்றே அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இந்த மாதிரி இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டு இருக்கலாம் என்று மதிப்பிட்டது. 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை' என்று ஏஜெண்ட் பேச்சை நம்பிப் போனவர்கள் அவர்களில் ஏராளம். 2022-லேயே மியாவாடியில் சிக்கின நம்மூர்ப் பையன்கள் சிலர் மீட்கப்பட்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 549 பேரைக் கொண்டு வந்தார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களிடம் 'சாப்டீங்களா, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு' என்று கேட்கிற அந்தப் பக்கத்து ஆள் நிஜமான மனிதராக இருக்கலாம். தமிழராகவே இருக்கலாம். பேச்சில் இருக்கிற பாசம்கூட ஓரளவு நிஜமாக இருக்கலாம், பாவம், அவரும் பேசுவதற்கு ஆளில்லாமல் அடைபட்டுக் கிடப்பவர்தானே. ஆள் அசல். மனசு அசல். பணம் போகிற வழி மட்டும் போலி. அப்படியென்றால் ஆளை ஆராய்ந்து என்ன பிரயோஜனம்?

சரி, வியாக்கியானம் போதும். ஒரு கேஸைப் பார்ப்போம். என் ஹாஸ்டல் நண்பனின் மாமா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்கு எழுதினவர். கணக்குத் தெரியாத ஆள் இல்லை, டெபிட் கிரெடிட் எனக்கே சொல்லிக் கொடுப்பார். போட்டோகிராபி அவருக்குப் பிடிக்கும். ஃபேஸ்புக்கில் பழைய கேமராக்கள் பற்றின ஒரு குழுவில் அவர் போட்ட படத்துக்கு ஒரு பெண் பெயரில் கமெண்ட் வந்தது. அப்படியே மெசஞ்சர். மூன்று வாரம் ஷேர் மார்க்கெட் என்ற வார்த்தையே வரவில்லை. லென்ஸ், ஊட்டி மேகம், மகள் படிப்பு, இவ்வளவுதான். நாலாவது வாரம் ஒரு நாள், 'இன்னிக்கு கொஞ்சம் பிஸி, ட்ரேடிங் முடிச்சிட்டு வரேன்' என்று ஒரு வரி. இவராகவே 'என்ன ட்ரேடிங்?' என்று கேட்டார். கேட்க வைத்தார்கள் என்பதுதான் சரி.

பிறகு ஒரு வாட்ஸப் குழு. அதில் ஒரு 'பேராசிரியர்' தினம் காலையில் பாடம் எடுப்பார். மற்றவர்கள் எல்லோரும் 'நன்றி சார், இன்னிக்கு 18 சதவீதம்' என்று ஸ்க்ரீன்ஷாட் போடுவார்கள். (அந்தக் குழுவில் மாமாவைத் தவிர நிஜ மனிதர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.) ஒரு லிங்க் வழியாக ஒரு ஆப். முதலில் 10,000 ரூபாய். நாலு நாளில் ஆப்பில் 13,400 காட்டியது. சோதித்துப் பார்க்கிறேன் என்று 3,000 ரூபாயை எடுத்தார். வங்கிக் கணக்குக்கு வந்தே விட்டது!

இந்த இடம் முக்கியம். 'பணத்தைத் திரும்ப எடுக்க முடிந்தது, ஆகவே உண்மை' என்று கணக்குப் பிள்ளையே ஏமாந்தார். அவர் போட்டதில் இருந்தே 3,000-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது விளம்பரச் செலவு, தூண்டிலில் மண்புழு. அதற்குப் பிறகு 75,000. அப்புறம் 2,50,000.

அடுத்து ஐ.பி.ஓ. வந்தது. ஒரு புது கம்பெனி ஷேருக்கு 'நம்ம குழுவுக்கு ஸ்பெஷல் கோட்டா' என்று சொல்லி ஒரே ஒரு லாட், 15,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து வாழ்த்துச் செய்தி. உங்களுக்கு 6,00,000 ரூபாய்க்கு ஷேர் ஒதுக்கப்பட்டுள்ளது, உங்கள் கணக்கில் 5,20,000 இருக்கிறது, மீதி 80,000-ஐ 24 மணி நேரத்தில் கட்டாவிட்டால் கணக்கு முடக்கப்படும், சிபில் ஸ்கோரும் போகும். மாமா பயந்து போய் கட்டினார். லிஸ்டிங் அன்று ஆப்பில் 11,40,000 காட்டியது. எடுக்கப் போனால், 'லாபத்தில் 20 சதவீதம் வரி, 1,45,600 ரூபாய், முதலில் கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும்.' மாமியின் வளையலை அடகு வைக்கக் கிளம்பின போதுதான் நண்பன் அவரை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தான்.

நான் முதலில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதிலேயே இருக்கிறது. "அவங்க ஐடியெல்லாம் நான் பார்த்துட்டனுங்க தம்பி. ஆறு வருசத்துப் பழைய ஐடி. வீடியோ கால்ல பேசியிருக்கறேன். போட்டோவ கூகுள்ல போட்டும் பார்த்துட்டேன். நல்ல குடும்பத்துப் புள்ளைங்க."

பட்டியலில் இருந்த அத்தனையும் செய்திருக்கிறார்! பத்துக்குப் பத்து. அந்தப் பட்டியல் அவரைக் காப்பாற்றவில்லை. அதுதான் அவரை நம்பவே வைத்தது. எனக்கு ஏன் கோபம் என்று இப்போது புரிகிறதா?

அவர் ஆளைப் பார்க்காமல் பணத்தின் வழியைப் பார்த்திருந்தால், கேமரா, ஊட்டி, பாசம் எதுவும் குறுக்கே வந்திருக்காது. நாங்கள் அன்று உட்கார்ந்து பார்த்தது அதைத்தான்.

முதலில், அவர் பணம் அனுப்பின கணக்குகள். நாலு தடவை அனுப்பியிருக்கிறார், நாலும் நாலு வேறு பெயர். ஒன்று ஏதோ ட்ரேடர்ஸ், ஒன்று எண்டர்பிரைசஸ், ஒன்று கேட்டரிங், ஒன்று தனியாள் பெயர். எந்த ஷேர் புரோக்கரும் கேட்டரிங் கணக்கில் பணம் வாங்க மாட்டார். புரோக்கர் கம்பெனியின் பெயரிலேயே, வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனியாக வைத்திருக்கிற வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். 2025 அக்டோபர் 1-லிருந்து செபி இதை இன்னும் சுலபமாக்கியிருக்கிறது. செபியில் பதிவு பெற்று முதலீட்டாளரிடம் பணம் வாங்குகிறவர்களுக்கு, @valid என்று தொடங்கி வங்கியின் பெயரோடு முடிகிற யு.பி.ஐ. முகவரி கொடுத்திருக்கிறார்கள். புரோக்கர் என்றால் அதற்கு முன்னால் brk என்றும், மியூச்சுவல் ஃபண்ட் என்றால் mf என்றும் இருக்கும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் வெள்ளைக் கட்டைவிரல் தெரியும். செபியின் 'செக்' வசதியில் ஒரு யு.பி.ஐ. முகவரியையோ வங்கிக் கணக்கு எண்ணையோ போட்டால் அது பதிவு பெற்றவருடையதா என்று செபியே சொல்லும். இதுதான் நான் மேலே சொன்ன வெளியாள் சான்று. அந்தப் புரொபைலின் கை இதில் படவே படாது.

இரண்டாவது, வாங்கின ஷேர் எங்கே இருக்கிறது? இந்தியாவில் ஷேர் என்பது ஆப்பில் இருப்பதில்லை. உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணோடு, என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு டெபாசிட்டரிகளில் ஒன்றில் இருக்கிறது. ஒரு மாதத்தில் வாங்கினாலோ விற்றாலோ அவர்களே உங்கள் மெயிலுக்கு ஒருங்கிணைந்த ஸ்டேட்மெண்ட் அனுப்புவார்கள். மாமாவுக்கு ஏற்கெனவே ஒரு பழைய டீமேட் கணக்கு உண்டு. மெயிலைத் திறந்து பார்த்தோம். எப்போதோ வாங்கின ரெண்டு கம்பெனி ஷேர் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. ஆறு லட்சத்து ஐ.பி.ஓ.வைக் காணோம்.

இதற்கும் அவர்கள் பதில் தயாராக வைத்திருந்தார்கள். 'இது இன்ஸ்டிடியூஷனல் கணக்கு சார், வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர் வழியாகப் போகிறது, அதனால் உங்கள் டீமேட்டில் தெரியாது.' கேட்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! இதையே குறிப்பிட்டு 2024 பிப்ரவரியில் செபி எச்சரிக்கை வெளியிட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர் வழி, சில விதிவிலக்குகள் தவிர, இந்தியாவில் வசிக்கிறவர்களுக்குக் கிடையாது. ஷேர் வர்த்தகத்தில் தனியாளுக்கு 'இன்ஸ்டிடியூஷனல் கணக்கு' என்று ஒன்றும் கிடையாது. அந்த வார்த்தையை எவர் உச்சரித்தாலும், அவர் உங்கள் சொந்தப் பெரியப்பா மகனே ஆனாலும், அங்கே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அந்த ஐ.பி.ஓ. இங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் இது பி.காம். இரண்டாம் வருடப் பாடம். ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் பணம் எங்கேயும் போவதில்லை. உங்கள் வங்கிக் கணக்கிலேயே அந்தத் தொகை தடுத்து வைக்கப்படுகிறது. ஷேர் கிடைத்தால் மட்டும் எடுத்துக்கொள்வார்கள், கிடைக்காவிட்டால் தடையை நீக்கிவிடுவார்கள். ஆக ஒதுக்கீட்டுக்குப் பிறகு 'மீதிப் பணம் கட்டு' என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைவிட, நீங்கள் கேட்டதற்கு மேல் ஒரு ஷேர்கூட ஒதுக்க முடியாது. எல்லோரும் போட்டி போடுகிற ஐ.பி.ஓ.வில் கேட்ட ஒரு லாட் கிடைப்பதே குலுக்கல் சமாச்சாரம். 15,000-க்குக் கேட்டவருக்கு 6,00,000-க்குக் கிடைத்தது என்பது, அரை பிளேட் இட்லி கேட்டவருக்கு ஹோட்டலையே எழுதிக் கொடுத்த கதை.

கடைசியாக அந்த வரி. 20 சதவீதம் என்ற எண்ணை அவர்கள் சும்மா எடுக்கவில்லை. 2024 ஜூலை 23-லிருந்து, ஒரு வருடத்துக்குள் விற்கிற லிஸ்டட் ஷேர் லாபத்துக்கு வரி விகிதம் நிஜமாகவே 20 சதவீதம்தான். அதனால்தான் கூகுளில் தேடிப் பார்க்கிறவர்களும் விழுகிறார்கள். ஆனால் அந்த வரியை, இங்கே வசிக்கிறவர் தானே தன் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்டுவார், ரிட்டர்னில் காட்டுவார். உங்கள் பணத்தை உங்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் புரோக்கர் வரி கேட்பது என்பது எங்கும் இல்லை. அப்படியே வரி என்றாலும் உள்ளே இருக்கிற 11,40,000-ல் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்று கேட்டுப் பாருங்கள். கேட்டோம். 'சிஸ்டத்தில் முடியாது சார்' என்று பதில் வந்தது. ஹி ஹி... சிஸ்டத்தில் எப்படி முடியும், உள்ளே ஒன்றுமே இல்லையே. மாமா போட்டது மொத்தம் 4,15,000. வந்தது 3,000. மீதி 4,12,000 போனது போனதுதான். 11,40,000 என்பது ஒரு ஆப்பில் எவனோ டைப் அடித்த எண்.

'அப்படியென்றால் நிஜமாகவே செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்களும் சமூக வலைத்தளத்தில் இருக்கிறார்களே, அவர்களை எப்படி நம்புவது' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலீட்டு ஆலோசகர்களுக்கு 2013-லிருந்து தனி விதிமுறை உண்டு, INA என்று தொடங்குகிற பதிவு எண் உண்டு. ஷேர் பற்றி ஆராய்ந்து சொல்கிறவர்களுக்கு INH என்று தொடங்கும். ஆனால் புரொபைலில் அந்த எண்ணைப் போட்டிருக்கிறாரே என்று நிம்மதி அடையாதீர்கள், அடுத்தவர் எண்ணைத் திருடிப் போடுவதும் சாதாரணம். sebi.gov.in தளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியலைத் திறந்தால் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தொலைபேசி, மெயில் இருக்கும். புரொபைலில் இருக்கிற எண்ணுக்குப் பேசாமல் செபி தளத்தில் இருக்கிற எண்ணுக்குப் பேசி, 'இந்தக் கணக்கு உங்களுடையதா' என்று கேளுங்கள். மறுபடியும் அதே வெளியாள் சான்று. அப்படியே நிஜ ஆலோசகராக இருந்தாலும் அவர் வாங்கக்கூடியது ஆலோசனைக் கட்டணம் மட்டும்தான். முதலீட்டுப் பணத்தை அவர் கையால் தொடக்கூடாது, இத்தனை சதவீதம் நிச்சயம் என்று வாக்குறுதியும் கொடுக்கக்கூடாது. இதில் ஒன்றைச் செய்தாலும், பதிவு எண் நூறு சதவீதம் அசலாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு கூட்டத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 'பேராசை பெருநஷ்டம், இவனுங்களுக்கு வேணும்' என்று செய்திக்குக் கீழே கமெண்ட் போடுகிற கூட்டம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் எல்கார்ட் என்ற சின்ன ஊரில் ஹார்ட்லேண்ட் ட்ரை-ஸ்டேட் பேங்க் என்று ஒரு வங்கி இருந்தது. அதன் தலைமை அதிகாரி ஷான் ஹேன்ஸ் இதே மாதிரி ஒரு வலையில் விழுந்தார். அவருடையது கிரிப்டோ வகை, ஆனால் படிக்கட்டு அதே படிக்கட்டு. இன்னும் கொஞ்சம் போட்டால் எல்லாம் திரும்பி வரும் என்று நம்பி, 2023-ல் தன் வங்கியிலிருந்தே 47.1 மில்லியன் டாலரை எடுத்து அனுப்பினார். அந்த ஜூலையில் வங்கி மூடப்பட்டது. 2024-ல் அவருக்கு 24 வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை. அவர் செய்தது குற்றம்தான், அதில் இரக்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பணம் எப்படி நகர்கிறது என்பதே தொழிலாக இருந்த ஒரு பேங்க்கரையே கவிழ்த்தவர்களிடம், திருப்பூர் மாமா விழுந்தது பேராசையால்தான் என்றால் எப்படி? அவர் முதலில் போட்டது பத்தாயிரம். கடைசியாக 80,000-ஐக் கட்டியது பயத்தால். 1,45,600-ஐக் கட்டக் கிளம்பினது, போட்டதை மீட்கிற தவிப்பால். 'பேராசை' என்று திட்டுவதால் நடக்கிற ஒரே காரியம், ஏமாந்தவர் வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருப்பது. அது யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

ஏனென்றால் இதில் நேரம்தான் எல்லாம். 1930 என்ற எண்ணில் உடனே கூப்பிட்டால், பணம் போன கணக்கை அந்த வங்கியைக் கொண்டு நிறுத்தி வைக்க முயற்சி செய்வார்கள். அந்தக் கேட்டரிங் கணக்கிலிருந்து அது பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்து ஏ.டி.எம்.மிலோ கிரிப்டோவிலோ வெளியே போவதற்கு ரொம்ப நேரம் ஆகாது. மாமா தன் கடைசித் தொகையை அனுப்பி ஆறு நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார், 'மாமிக்குத் தெரிஞ்சா அசிங்கமுங்க' என்று. அன்று இரவே 1930-க்குப் பேசினோம், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்தோம். ஒவ்வொரு பரிமாற்றத்தின் யு.டி.ஆர். எண், தேதி, நேரம், போன கணக்கு எண் கேட்பார்கள், பேங்க் ஸ்டேட்மெண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் சீக்கிரம் முடியும். சாட்டை அழித்துவிடாதீர்கள், கோபத்தில் அவனை பிளாக் செய்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கடைசியாக அனுப்பின 80,000-ல் 11,200 ரூபாய் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று தகவல் வந்திருக்கிறது. அதை எடுக்கவும் அலைந்துகொண்டிருக்கிறார்.

போன வாரம் அவருக்கு ஃபேஸ்புக்கில் ஒரு வக்கீல் நட்பு அழைப்பு கொடுத்திருக்கிறார். சைபர் மோசடியில் போன பணத்தை மீட்டுத் தருகிறாராம், முன்பணம் 12,000 மட்டும்தானாம். கறுப்புக் கோட்டு, கோர்ட் வாசலில் போட்டோ, எட்டு வருடப் பழைய கணக்கு. இந்தத் தடவை மாமா புரொபைலைத் திறக்கவே இல்லை. "பணம் எந்தக் கணக்குக்குங்க அனுப்பணும்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஒரு ஃபேன்சி ஸ்டோர் பெயர் வந்ததாம்.